தம்புரா சுருதி: நான்கு தந்திகள் ஷட்ஜத்தை நிறுத்துவது எப்படி?

கர்நாடக இசையில் ஷட்ஜத்துக்கு நிலையான உயரம் என்று ஒன்று கிடையாது. யார் பாடுகிறாரோ அவருடைய தொண்டைக்கு எது பொருந்துகிறதோ அதுதான் அன்றைய ஷட்ஜம். அதை முடிவு செய்யப் பாட்டு வாத்தியார்கள் பார்ப்பது குரலின் இரண்டு எல்லைகளை: கீழே மந்தர பஞ்சமம் தெளிவாக விழ வேண்டும், மேலே தார ஸ்தாயிப் பஞ்சமம் கத்தாமல் எட்ட வேண்டும். இந்த இரண்டு ஸ்தாயி அகலத்துக்குள் குரல் சௌகரியமாக உட்காரும் இடம்தான் அவருடைய கட்டை. ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள், பெண்களுக்கு ஐந்திலிருந்து ஆறு கட்டைக்குள் வரும்.

இப்படி முடிவான ஷட்ஜத்தைப் பாடுகிறவர் கச்சேரி முழுவதும் மனசிலேயே வைத்துக்கொண்டிருக்க முடியாது. ராகத்துக்குள் போனதும் ரிஷபமும் காந்தாரமும் நிஷாதமும் காதை இழுக்கும். ஷட்ஜம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவிடும், அல்லது இறங்கிவிடும். அதனால்தான் முதுகுக்குப் பின்னால் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அது வெறுமனே 'ஸா' என்ற ஒரு ஒலியை நீட்டிக்கொண்டிருப்பதில்லை. சுருதி சேர்க்கக் கற்றுக்கொள்ளும் யாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

தந்திகள் நான்கு. மீட்டும் வரிசையில் சொன்னால் முதலில் பஞ்சமம், அடுத்தது சாரணி, பிறகு அனுசாரணி, கடைசியில் மந்தரம். பஞ்சமத் தந்தி ஒலிப்பது மந்தர ஸ்தாயிப் பஞ்சமம். சாரணியும் அனுசாரணியும் இரண்டுமே பாடகரின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம். மந்தரம் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஷட்ஜம். இது பித்தளைத் தந்தி, மற்றவை பெரும்பாலும் எஃகு. பஞ்சமத்தை நடுவிரலாலும் மற்ற மூன்றையும் ஆள்காட்டி விரலாலும் மீட்டுவார்கள். நகம் படக் கூடாது. விரலின் சதைப்பகுதி தந்தியை வருடிவிட்டு விலக வேண்டும், அதுவும் தந்தியின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில். ஒரு தந்தி அடங்குவதற்குள் அடுத்தது ஒலிக்க வேண்டும். பாட்டின் தாளத்துக்கும் இந்த மீட்டலுக்கும் சம்பந்தமில்லை. புதிதாக மீட்டுகிறவர்கள் தம்மை அறியாமல் மிருதங்கத்தோடு சேர்ந்துகொள்வது வழக்கம். அதை ஆரம்பத்திலேயே விட்டுவிட வேண்டும்.

கணக்குக்கு வசதியாக ஒரு பாடகியின் ஷட்ஜம் நொடிக்கு 200 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே இருக்கும். அப்படியானால் சாரணி 200, அனுசாரணி 200, மந்தரம் 100, பஞ்சமம் 150. கட்டுரை முழுக்க இந்த எண்களையே எடுத்துக்கொள்கிறேன்.

மந்தரத் தந்தியைத் தனியாக ஒருமுறை மீட்டிவிட்டுக் காதைத் தீட்டிக் கேட்டால், 100 என்ற அந்த அடிச்சுரத்தோடு 200, 300, 400, 500, 600 என்று மேலே மேலே பல சுரங்கள் மெல்லியதாக எழும்புவது தெரியும். எந்தத் தந்தி அதிர்ந்தாலும் இப்படி மடங்கு மடங்காக மேற்சுரங்கள் உண்டாகும். வீணையிலும் உண்டு, வயலினிலும் உண்டு. தம்புராவில் மட்டும் இவை இவ்வளவு தூக்கலாகக் கேட்பதற்குக் காரணம் அதன் குதிரை. தந்தி ஏறி உட்காரும் அந்தக் குதிரையின் மேற்பரப்பு கத்தி முனைபோல் இல்லை, அகலமாகவும் லேசாக வளைந்தும் இருக்கும். அதன்மேல் தந்திக்கு அடியில் ஒரு சின்ன நூல் துண்டு செருகப்பட்டிருக்கும். அதிரும் தந்தி ஒவ்வொரு முறையும் அந்த வளைவில் உரசி உரசி எழுவதால் அடிச்சுரத்தின் சக்தி மேற்சுரங்களுக்குப் பிரிந்து போகிறது. தம்புராவின் 'ரீம்' என்ற ஒலி இதிலிருந்து வருவதுதான்.

திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1921-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சாதாரணமாக ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கவே கூடாது. சரிபாதியில் மீட்டினால் இரண்டாவது, நான்காவது, ஆறாவது மேற்சுரங்கள் கேட்கக் கூடாது என்பது பௌதிக விதி. தம்புராவில் எங்கே மீட்டினாலும் அவை கேட்கின்றன, பலமாகவே கேட்கின்றன. வீணையிலும் தம்புராவிலும் இந்த விதி நடக்காமல் போவதற்கு அந்த வளைந்த குதிரைதான் காரணம் என்று அவர் காட்டினார். விரலால் எழுப்ப முடியாததைக் குதிரை எழுப்பிக் கொடுக்கிறது.

இப்போது பஞ்சமத் தந்தியையும் சேர்த்துப் பார்ப்போம். அதன் மேற்சுரங்கள் 150, 300, 450, 600, 750. சாரணியின் மேற்சுரங்கள் 200, 400, 600, 800. மூன்று தந்திகளின் வரிசையிலும் 600 வருகிறது: மந்தரத்தின் ஆறாவது, சாரணியின் மூன்றாவது, பஞ்சமத்தின் நான்காவது. மூன்றும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அந்த 600 ஒரே கோடாக நிற்கும். கொஞ்சம் விலகினாலும் அது 'வாவ் வாவ்' என்று அலையும். தம்புரா சுருதி சேர்ப்பது என்பது இந்த அலையை நிறுத்துகிற வேலைதான்.

சேர்க்கும் முறை

முதல் வேலை மணிகளை நடுவில் கொண்டுவருவது. குதிரைக்குக் கீழே, குதிரைக்கும் தந்தி கட்டப்பட்டிருக்கும் இடத்துக்கும் நடுவில், ஒவ்வொரு தந்தியிலும் ஒரு மணி கோத்திருக்கும். அதைக் கீழே தள்ளினால் தந்தி இறுகிச் சுருதி ஏறும், குதிரையை நோக்கி மேலே இழுத்தால் இறங்கும். இது நுணுக்கமான திருத்தத்துக்கு மட்டும். மணி ஏற்கெனவே கடைசிவரை தள்ளப்பட்டிருந்தால் பிறகு திருத்த இடமே இருக்காது. அதனால் ஆரம்பிக்கும்போது இரண்டு பக்கமும் நகர இடம் வைத்துக்கொள்ள வேண்டும். குதிரைமேல் இருக்கும் ஜீவா நூலையும் இந்த நேரத்தில் நகர்த்தி வெளியே எடுத்துவிடுவது நல்லது. நூல் இல்லாத தந்தி மழுங்கலாக ஒலிக்கும். பருமட்டாகச் சேர்ப்பதற்கு அந்த மழுங்கலே வசதி.

சுருதிப் பெட்டியிலோ சுருதிக் குழலிலோ ஷட்ஜத்தை வைத்துக்கொண்டு முதலில் சாரணியைச் சேர்க்க வேண்டும். தந்தியின் மேல்முனை சுற்றியிருக்கும் முறுக்காணிதான் பிருடை. அதைத் திருப்பும்போது உள்ளே அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கையை எடுத்ததும் வழுக்கி இறங்கிவிடும். எப்போதும் வேண்டிய சுரத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, அங்கிருந்து மேலே ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும். மேலே ஏற்றிவிட்டுக் கீழே இறக்கி நிறுத்தினால் பிருடையில் சுற்றிய தந்தியில் தொய்வு மிச்சம் இருக்கும். நாலு முறை மீட்டியதும் சுருதி கம்மியாகிவிடும். சேர்த்த பிறகு தந்தியை நடுவில் பிடித்து லேசாக ஒருமுறை இழுத்துவிட்டு மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும், திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். இழுத்தும் அசையாமல் நின்றால்தான் அது சேர்ந்த தந்தி.

அடுத்தது அனுசாரணி. சாரணியும் இதுவும் ஒரே சுரம் என்பதால் சுலபம் என்று தோன்றும். காது தவறான இடத்தில் கேட்பதால்தான் இது தப்பிப்போகிறது. சாரணி 200, அனுசாரணி 200.5 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடிச்சுரத்தில் அலை இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் வரும். அதற்குள் தந்தியின் பலம் பாதி குறைந்துவிடும், வித்தியாசம் தெரியாது. ஆனால் நான்காவது மேற்சுரத்தில் ஒன்று 800, மற்றது 802. அங்கே நொடிக்கு இரண்டு அலை, தெளிவாகக் கேட்கும். ஆகவே தந்தியின் அடி ஒலியை விட்டுவிட்டு, அதற்கு மேலே கூரைக்குப் பக்கத்தில் சன்னமாக மின்னுகிற ஒலியைக் கேட்கக் காதைப் பழக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். அலை வேகமாக இருந்தால் தூரத்தில் இருக்கிறோம்; அலை மெதுவாக ஆக ஆக நெருங்குகிறோம்; அலையே இல்லாமல் நின்றால் ஒட்டிவிட்டது. தாண்டிப் போனால் அலை மறுபடி வேகமெடுக்கும்.

மந்தரத்தையும் அதேபோலச் சாரணியோடு சேர்க்க வேண்டும். அதன் இரண்டாவது மேற்சுரமே 200 என்பதால் சாரணி அதற்குள் கரைந்துவிடுவதுபோல் கேட்கும் இடம்தான் சரி.

கடைசியில் பஞ்சமம். கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதிக நேரம் பிடிப்பது இதுதான், பிடிக்கவும் வேண்டும். பிருடையால் பருமட்டாக 151-க்குக் கொண்டுவந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் நான்காவது மேற்சுரம் 604. சாரணியின் மூன்றாவது 600. இரண்டையும் அடுத்தடுத்து மீட்டினால் உயரத்தில் நொடிக்கு நான்கு அலை அடிக்கும். இப்போது பிருடையைத் தொட வேண்டாம். மணியைக் குதிரைப் பக்கமாக ஒரு மயிரிழை இழுத்தால் அலை மூன்றாகும், இரண்டாகும், பிறகு ஒரு பெருமூச்சு நீளத்துக்கு ஒன்று என்று ஆகி, அப்புறம் நின்றுவிடும். அந்த இடம் 150.

கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியை நம்பிப் பஞ்சமத்தைச் சேர்த்தால் இந்த இடம் கிடைக்காது. பெரும்பாலான செயலிகள் கீபோர்டின் சம இடைவெளிக் கணக்கில் வேலை செய்கின்றன. அந்தக் கணக்கில் 200-க்கான மந்தர பஞ்சமம் 149.83. முள் நடுவில் பச்சையாக நிற்கும், ஆனால் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றரை நொடிக்கு ஒரு அலை ஓடிக்கொண்டே இருக்கும். வித்தியாசம் சின்னதுதான், பாட்டுக்கு நடுவில் பலர் கவனிக்கவும் மாட்டார்கள். ஆனாலும் தம்புரா சேர்ந்தபோது வருகிற அந்த அசையாத நிலை இதில் வருவதில்லை. செயலியைச் சாரணியைக் கட்டைக்குக் கொண்டுவர மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் காதால் சேர்ப்பதுதான் முறை என்பது என் உறுதியான எண்ணம். அதோடு தம்புராத் தந்தியில் மேற்சுரங்கள் பலமாக இருப்பதால் செயலி அடிச்சுரத்தை விட்டுவிட்டு வேறு சுரத்தின் பெயரைக் காட்டுவதும் உண்டு. அதைப் பார்த்துப் பயந்து பிருடையை முறுக்கித் தந்தியை அறுத்தவர்கள் இருக்கிறார்கள்.

நான்கும் சேர்ந்த பிறகு ஜீவா. சன்னமான பருத்தி அல்லது பட்டு நூலைத் தந்திக்கும் குதிரைக்கும் இடையில் நுழைத்து, தந்தியை மீட்டிக்கொண்டே மிக மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஒரு இடத்தில் ஒலி சட்டென்று திறந்துகொள்ளும். தகரம்போல் அதிராமல், மேற்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து இறங்கும். அந்த இடம் ஒரு மில்லிமீட்டர்கூட அகலம் இருக்காது. நான்கு தந்திக்கும் ஜீவா ஒரே அளவில் பேச வேண்டும், ஒன்று மட்டும் தூக்கலாக இருந்தால் அதுதான் காதை இழுக்கும். நூல் போட்டதும் சுருதி சிறிது மாறியிருக்கும். அதனால் மறுபடி மணியால் ஒரு சுற்றுத் திருத்தம் செய்ய வேண்டும். எவ்வளவு நகர்த்தினாலும் ஒரு தந்தியில் ஜீவா பேசவே இல்லை என்றால், நாள்பட்ட உரசலில் குதிரையில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதை வாத்தியம் செய்கிற ஆசாரியிடம் கொடுத்துத்தான் தேய்த்துச் சீராக்க வேண்டும், வீட்டில் உப்புத்தாள் எடுத்துத் தேய்க்கக் கூடாது.

பாடுகிறவர் காதில் என்ன விழுகிறது

இப்போது நான்கு தந்தியும் ஓடுகின்றன. பாடுகிறவரின் காதில் விழுவது ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டுமா? மந்தரத்தின் ஐந்தாவது மேற்சுரம் 500. தார ஸ்தாயி ஷட்ஜமான 400-ஐ வைத்துப் பார்த்தால் அது அந்தர காந்தாரம். யாரும் மீட்டாத இந்தச் சுரம் தம்புராவிலிருந்து தானாக எழுவதால் இதைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள். பஞ்சமத் தந்தியின் 450 சதுஸ்ருதி ரிஷபம். அதே தந்தியின் 750 காகலி நிஷாதம். ஆக, நன்றாகச் சேர்ந்த ஒரு தம்புராவுக்குள் ஸ, ரி, க, ப, நி எல்லாம் இருக்கின்றன, அவரவர் பலத்தில்.

இதைப் பாட்டில் சோதித்துப் பார்க்கலாம். மோகனத்தில் காந்தாரத்தை அசைக்காமல் நீட்டிப் பாடுங்கள். உங்கள் மத்திய ஸ்தாயி காந்தாரம் 250-ல் நின்றால், உங்கள் குரலின் இரண்டாவது மேற்சுரம் 500. தம்புராவின் 500-ஓடு அது ஒட்டிக்கொள்ளும். குரல் பெரிதாகிவிட்டதுபோல் தோன்றும். கீபோர்டில் பழகிய காதோடு பாடினால் காந்தாரம் 252-ல் விழும். அதன் மேற்சுரம் 504, தம்புராவோடு நொடிக்கு நான்கு அலை. கேட்கிறவருக்கு அலை தனியாகத் தெரியாது, காந்தாரம் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கிறது என்று மட்டும் தெரியும். கமகத்தோடு பாடும் சுரங்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, நின்று பேசுகிற சுரங்களுக்கு மட்டும்தான்.

மத்திமம் இந்த வரிசையில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தைவதமும் இல்லை. சுத்த மத்திமத்தைத் தம்புரா எடுத்துக் கொடுப்பதில்லை. ஷட்ஜத்திலிருந்து நாமே அளந்து போட வேண்டும். அதனால் புதிதாகப் பாடுகிறவர்களின் மத்திமம் நிலைகொள்ள நாளாகும். தம்புராவோடு மத்திமத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்று பழகுவது பலன் தரும்.

ஷட்ஜமே சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வாயை நன்றாகத் திறந்து அகாரத்தில், அதிகச் சத்தம் போடாமல், மத்திய ஷட்ஜத்தைப் பிடியுங்கள். சரியாக இருந்தால் உங்கள் குரல் உங்களுக்கே தனியாகக் கேட்காது. எங்கே குரல், எங்கே தம்புரா என்று பிரிக்க முடியாமல் போகும். குரல் தம்புராவுக்கு மேல் தனியாகத் தெரிகிறதென்றால் பெரும்பாலும் சுருதி கொஞ்சம் தூக்கலாகவோ கம்மியாகவோ இருக்கிறது, அல்லது தேவைக்கு மேல் கத்துகிறோம்.

நடுவில் சுருதி கலைவதற்குப் பெரும்பாலும் காரணம் வெப்பம்தான். குளிரூட்டிய அறையில் சேர்த்த தம்புராவை விளக்குச் சூட்டுள்ள மேடைக்குக் கொண்டுபோனால் தந்தி நீண்டு தொய்ந்து சுருதி இறங்கும். அதனால் பாடப்போகிற இடத்திலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து, அங்கேயே சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் பிருடை உப்பி இறுகும், கோடையில் சுருங்கி வழுக்கும்; வழுக்கும் பிருடையில் சாக்குக்கட்டித் தூள் தடவினால் பிடிக்கும். ஒரு கட்டைக்கென்று செய்த நீண்ட தம்புராவை ஐந்து கட்டைக்கு ஏற்றப் பார்க்கக் கூடாது. தந்தி அறும், அறாவிட்டாலும் ஜீவா பேசாது.

மத்திம சுருதி

தம்புராவின் தந்திகள் ஷட்ஜத்தை எப்படி நிறுத்துகின்றன என்பதைக் கண்கூடாகப் பார்க்க ஒரு வழி, பஞ்சமத் தந்தியை மட்டும் மாற்றிப் பார்ப்பது. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி, நவரோஜ் போன்ற ராகங்கள் தார ஸ்தாயி ஷட்ஜத்தைத் தொடுவதே இல்லை. பாடகியின் வழக்கமான ஷட்ஜத்தில் பாடினால் அவை முழுக்கக் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும், குரல் எடுபடாது. அதனால் மத்திமத்தையே ஷட்ஜமாக வைத்துக்கொண்டு பாடுவார்கள். அதற்குப் பெயர்தான் மத்திம சுருதி.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பஞ்சமத் தந்தியை 150-லிருந்து மத்திமத்துக்கு, அதாவது 133-க்குச் சற்று மேலே இறக்க வேண்டும். வழக்கம்போல அதற்கும் கீழே இறக்கிவிட்டு ஏற்றிக்கொண்டு வர வேண்டும். சாரணி, அனுசாரணி, மந்தரம் மூன்றையும் தொடுவதில்லை. ஆனால் அந்த ஒரு தந்தி இறங்கியதும் காதுக்கு முழுத் தம்புராவும் மாறிவிடும். 133-ஐ ஷட்ஜமாக எடுத்துக்கொண்டால் 200 அதற்குச் சரியான பஞ்சமம். இதுவரை ஷட்ஜமாக இருந்த மூன்று தந்திகளும் ஒரே நொடியில் பஞ்சமமாகிவிடுகின்றன. அதிர்வு எண்ணில் அவை இம்மியும் மாறவில்லை, பக்கத்தில் இருக்கும் ஒரு தந்தி மாறியது, அவ்வளவுதான். பாடகி இப்போது 133-க்கு ஒரு ஸ்தாயி மேலே, 267-க்குப் பக்கத்தில், ஷட்ஜத்தைப் பிடிப்பார். புதிய பஞ்சமம் 400-ல் விழுகிறது. குரல் நன்றாக ஒலிக்கும் இடத்துக்கு ராகம் வந்துவிடுகிறது.

இதற்குச் சேர்ந்ததா என்று பார்க்கிற அடையாளமும் வேறு. இறக்கிய தந்தியின் மூன்றாவது மேற்சுரமும் சாரணியின் இரண்டாவது மேற்சுரமும் 400-ல் சந்திக்க வேண்டும். அங்கே அலை நின்றால் மத்திமம் சேர்ந்தது. மின்னணுத் தம்புராவில் இதற்கு ஒரு பொத்தானோ திருகோ இருக்கும், உடனே மாறிவிடும். கைத் தம்புராவில் பிருடையைத் திருப்பி, மணியால் திருத்தி, ஜீவாவையும் ஒருமுறை சரிபார்க்கச் சில நிமிடங்கள் ஆகும். அதனால் மத்திம சுருதிப் பாட்டு ஒன்றுக்கு மேல் இருந்தால் அவற்றை அடுத்தடுத்து வைத்துக்கொள்வது நல்லது. திரும்பப் பஞ்சமத்துக்கு ஏற்றும்போது அந்தத் தந்தி பழைய இடத்தில் சட்டென்று நிற்காது. ஏற்றி, இழுத்துவிட்டு, மறுபடி ஏற்றி, 600-ல் அலை நிற்கிறதா என்று கேட்ட பிறகே அடுத்த பாட்டை எடுக்க வேண்டும்.